டிரைவ் மாடியில், மோட்டார் கீழே: நீளக் கேபிளால் வரும் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது மணலி, எண்ணூர்ப் பக்கம் எத்தனையோ ஷெட்டுகளில் தண்ணீர் புகுந்தது. பம்ப் ஷெட்டில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்டியிருந்த, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பேனல்கள் சேற்றோடு வெளியே வந்தன. அதற்கப்புறம் நிறைய பேர் பேனலை மாடி அறைக்கு மாற்றினார்கள். அது நல்ல முடிவுதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டார் இருந்த இடத்திலேயே இருக்க, எட்டு மீட்டராக இருந்த கேபிள் நூறு, நூற்றைம்பது மீட்டராக நீண்டுவிட்டது. எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை அப்படி நீண்ட கேபிளிலிருந்துதான் வருகின்றன.

அழைப்பவர் கேபிளைப் பற்றிப் பேசவே மாட்டார். "மோட்டார் மறுபடி எரிஞ்சிடுச்சு", "டிரைவ் ஸ்டார்ட் பண்ணினா ட்ரிப் ஆகுது", "பேரிங் மாத்தி மூணு மாசம் ஆகல, திரும்பச் சத்தம்" என்றுதான் சொல்வார். அதனால் இதையும் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார், அதை ஓட்டும் வி.எஃப்.டி. டிரைவ், இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிள், இவ்வளவுதான் இதில் பேசப்போவது.

## கை வைப்பதற்கு முன்

மெயினை அணைத்துப் பூட்டுப் போட்ட பிறகும் டிரைவுக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் 580 வோல்ட் டி.சி. நின்றுகொண்டிருக்கும். டிரைவின் மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, டி.சி. பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள்.

இன்னொன்று, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர். கேபிள் டிரைவில் மாட்டியிருக்கும்போது மெக்கர் போட்டால் டிரைவின் அவுட்புட் பகுதி போய்விடும். மோட்டாருக்குப் போகும் U, V, W ஒயர்கள் மூன்றையும் டிரைவிலிருந்து கழற்றுங்கள். நடுவில் ஃபில்டர் இருந்தால் அதையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். அப்புறம்தான் மெக்கரை எடுக்க வேண்டும்.

## அறிகுறி 1: ரீவைண்டிங் செய்த மோட்டார் சில மாதங்களில் மறுபடி எரிகிறது

இருப்பதிலேயே செலவு அதிகம் வைக்கும் அறிகுறி இது. தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். வைண்டிங் கடைக்காரர் மேல் பழி போய்விடும்.

### முதலில், எரிந்த வைண்டிங்கைப் பாருங்கள்

புது வைண்டிங்குக்காகப் பழைய கம்பியை உருவி எறிவதற்கு முன் கடைக்கு நேரில் போய்ப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு சொல்லாது.

மூன்று பேஸும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அது ஓவர்லோடு அல்லது காற்றோட்டக் குறைவு. பம்ப் இறுகியிருக்கலாம், அல்லது மோட்டார் விசிறி அடைத்திருக்கலாம். ஒரு பேஸோ இரண்டு பேஸோ முழுக்கக் கருகி மற்றது புதிதுபோல இருந்தால், ஒரு பேஸ் விட்டுப்போயிருக்கிறது. லக், டெர்மினல், கான்டாக்டர் முனை என்று தேடுங்கள். ஸ்லாட் வாயில் பாடியோடு ஒட்டி எரிந்திருந்தால் ஈரம் அல்லது ஸ்லாட் பேப்பர் கிழிசல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற காயில்கள் எல்லாம் பளபளப்பாக இருந்து, லீட் ஒயர் வந்து சேரும் முதல் காயிலில் மட்டும் ஒரு பட்டாணி அளவு கருப்புப் புள்ளியும், அங்கே கம்பி உருகிய மணியும் இருந்தால், நீளக் கேபிளால் வரும் வோல்டேஜ் துள்ளலைச் சந்தேகியுங்கள். சில நேரம் அதன் அருகில் வார்னிஷ் மேல் வெள்ளையாக மாவு பூத்தது போலவும் இருக்கும். விரலில் தடவினால் ஒட்டும். கம்பிகளுக்கு இடையே உள்ள காற்று மின்னழுத்தத்தில் பொறிந்து வார்னிஷை அரித்ததன் அடையாளம் அது.

நான் போன ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மணலியில் ஒரு தொழிற்சாலை. வளாகத்தின் பின்கோடியில் உள்ள குட்டையிலிருந்து தண்ணீர் எடுக்கும் 30 ஹெச்.பி. பம்ப். ஆறு வருடம் தொல்லை இல்லாமல் ஓடிய மோட்டார் அது. வெள்ளத்துக்குப் பிறகு டிரைவை அலுவலக மாடிக்குக் கொண்டுபோய், 160 மீட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஆர்மர்டு கேபிள் இழுத்திருந்தார்கள். நாலு மாதத்தில் வைண்டிங் போனது. ரீவைண்ட் செய்து போட்டார்கள், மூன்றே மாதத்தில் திரும்பவும் போனது. தண்டையார்பேட்டையில் உள்ள வைண்டிங் கடைக்கும் தொழிற்சாலைக்கும் வாக்குவாதம் ஆகி, அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கடை மாஸ்டர் அறுபது வயதுக்காரர். ஸ்டேட்டரைத் திருப்பி வைத்து டார்ச் அடித்துக் காட்டினார். "தம்பி, நல்ல கம்பிதான் போட்டேன். போன தடவையும் இதே இடம், இந்தத் தடவையும் இதே இடம். லீட் வர்ற மொத காயில். ஓவர்லோடுன்னா இப்படியா எரியும்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. மோட்டாரும் டிரைவும் மாறவில்லை. மாறியது கேபிள் நீளம் ஒன்றுதான்.

### தூரம் என்ன செய்கிறது, கணக்கோடு

டிரைவ் வெளியே தருவது வீட்டுக்கு வருவது போன்ற அலை மின்சாரம் இல்லை. உள்ளே டி.சி. பஸ் என்ற பகுதியில் இருக்கும் டி.சி. வோல்டேஜை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் பூஜ்ஜியத்திலிருந்து முழு வோல்டேஜுக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு மைக்ரோ செகண்டில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அந்த ஏற்றம் கேபிள் வழியாக ஓடி மோட்டார் முனையில் முட்டித் திரும்பும்போது, வந்ததும் திரும்புவதும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. கேபிள் போதுமான நீளம் இருந்தால் மோட்டார் முனையில் வோல்டேஜ் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

```
DC bus    = 415 × 1.41    ≈ 585 V
மோட்டார் முனை = 585 × 2       ≈ 1170 V
நீள எல்லை  = 150 × 0.2 / 2 = 15 m
```

கடைசி வரியில் 150 என்பது கேபிளில் அந்த அலை ஒரு மைக்ரோ செகண்டில் ஓடும் தோராயமான மீட்டர் கணக்கு. 0.2 என்பது ஏற்றத்துக்கு ஆகும் மைக்ரோ செகண்டு. அதாவது, 15 மீட்டர் கேபிளிலேயே கிட்டத்தட்ட முழு இரட்டிப்பு வந்துவிடலாம். ஏற்றம் இன்னும் வேகமாக உள்ள டிரைவில் 7, 8 மீட்டரே போதும். "நூறு மீட்டருக்குள்தானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டிரைவுக்கு ஆகாமல் இருக்கலாம், மோட்டாருக்கு ஆகும்.

முதல் காயிலே ஏன் என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இவ்வளவு வேகமாக ஏறும் வோல்டேஜ் வைண்டிங் முழுக்கச் சமமாகப் பரவ நேரமில்லை. பெரும்பங்கு முதல் சில சுற்றுகளிலேயே விழுகிறது. கையால் சுற்றிய வைண்டிங்கில் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்க வாய்ப்பு உண்டு. நடுவில் இருப்பது எனாமல் பூச்சு மட்டும்தான்.

### சோதனைகள், எளிதிலிருந்து

வைண்டிங் போன மோட்டாருக்கு மெக்கர் போட்டு "பாடிக்கு நல்லாத்தானே காட்டுது" என்று குழம்ப வேண்டாம். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஷார்ட் ஆனது பாடி மெக்கரில் தெரியாது. மூன்று பேஸின் ஓம்ஸை மில்லி ஓம் மீட்டரில் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுங்கள். இந்த அளவு மோட்டாரில் அது ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும் என்பதால் சாதாரண மல்டிமீட்டரில் வித்தியாசம் புலப்படாது. நல்ல வைண்டிங் கடைகளில் சர்ஜ் டெஸ்டர் இருக்கும். சுற்று ஷார்ட்டைப் பிடிக்கச் சரியான கருவி அதுதான்.

அடுத்து மோட்டாரின் பெயர்ப் பலகை. டிரைவில் ஓடத் தகுந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்க நேமா தரத்தில் டிரைவுக்கென்றே செய்யும் 600 வோல்ட் வரையிலான மோட்டார் தன் பெயர்ப் பலகை வோல்டேஜைப் போல் 3.1 மடங்கு உச்சம், 415 வோல்ட் மோட்டார் என்றால் 1286 வோல்ட் போல, தாங்க வேண்டும். சாதாரண மோட்டாருக்கு அதே தரம் சொல்வது 1000 வோல்ட்தான். அப்போது 1170 என்ற நம் கணக்கு ஒன்றுக்கு உள்ளேயும் மற்றதற்கு வெளியேயும் விழுகிறது. பழைய மோட்டார், அதுவும் ரீவைண்ட் ஆனது என்றால் சாதாரண மோட்டார் கணக்கில்தான் வையுங்கள்.

மூன்றாவதாக, மோட்டாரை நிறுத்தும்போது டிரைவ் திரையில் டி.சி. பஸ் வோல்டேஜைப் பாருங்கள். நிறுத்தும் நேரத்தைக் குறைவாக வைத்திருந்தால் சுழலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பஸ்ஸை 585-லிருந்து 700-க்கும் மேலே ஏற்றும். மோட்டார் முனையில் அதன் இரட்டிப்பு விழும், அதாவது 1400-க்கு மேல். டிசலரேஷன் நேரத்தைக் கூட்டினால் இந்த ஏற்றம் நின்றுவிடும், செலவும் இல்லை.

மோட்டார் முனையில் உண்மையில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்க மல்டிமீட்டர் உதவாது. அது சராசரியைத்தான் காட்டும், ஒரு மைக்ரோ செகண்டு உச்சத்தை அதனால் பார்க்க முடியாது. ஆசிலோஸ்கோப்பும் உயர் வோல்டேஜ் டிஃபரன்ஷியல் புரோபும் வேண்டும். இந்த இடத்தில் ஆள் கூப்பிடுங்கள். ஸ்கோப்பின் எர்த்தை வெட்டிவிட்டுச் சாதாரண புரோபில் அளக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஸ்கோப்பின் உடம்பே அப்போது உயிரோடு இருக்கும், தொட்டவர் போய்விடுவார்.

மணலி மோட்டாரில் அளந்தபோது டிரைவ் முனையில் உச்சம் 600 வோல்ட் பக்கம் இருந்தது. ஷெட்டில், மோட்டார் டெர்மினல் பாக்ஸில், 1150. கணக்கு அப்படியே உட்கார்ந்தது.

### சரிசெய்வது, மலிவிலிருந்து விலை கூடியது வரை

டிரைவ் நொடிக்கு எத்தனை தடவை வெட்டுகிறது என்ற கேரியர் ஃபிரீக்வென்சியைக் குறையுங்கள். 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 2 அல்லது 4-க்குக் கொண்டுவாருங்கள். இதனால் உச்சம் குறையாது, அதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நொடிக்கு விழும் அடிகளின் எண்ணிக்கைதான் குறையும். மோட்டார் கொஞ்சம் கூடுதலாக முனகும். பம்ப் ஷெட்டில் அது யாருக்கும் தொல்லையில்லை.

ரீவைண்டிங்கில் சொல்லிச் செய்யுங்கள். டபுள் கோட் எனாமல், 200 டிகிரி வகுப்புக் கம்பி, பேஸ்களுக்கு இடையே பேப்பர், முதல் காயில்களுக்குக் கூடுதல் ஸ்லீவ், முடிந்தால் வாக்குவம் முறையில் வார்னிஷ். எப்படியும் ரீவைண்ட் செய்யப்போகிறீர்கள், கூடுதல் செலவு கொஞ்சம்தான். ஆயுள் கூடும். ஆனால் அடி நிற்காது.

அவுட்புட் சோக். டிரைவுக்குப் பக்கத்தில் வைக்கும் மூன்று பேஸ் சோக். வோல்டேஜ் ஏறும் வேகத்தை ஓரளவு மழுங்கடிக்கும். சில பத்து மீட்டர் தூரத்துக்குப் பல இடங்களில் போதும். நூறைத் தாண்டினால் நான் இதை மட்டும் நம்ப மாட்டேன். ஏற்றம் மெதுவாகும், ஆனால் துள்ளல் முழுக்கப் போகாது.

டிவி பை டிடி ஃபில்டர். கடையிலும் இந்தப் பெயரிலேயே கேளுங்கள். சோக்கோடு கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்தது. ஏற்றத்தை மெதுவாக்குகிறது, துள்ளலையும் ரெசிஸ்டரில் எரித்துவிடுகிறது. பெரும்பாலான தயாரிப்புகள் மோட்டார் முனையில் 1000 வோல்ட்டுக்குள் வைத்திருக்கும் என்றும், 300 மீட்டர் போல எத்தனை தூரம் வரை என்றும் விவரத்தாளில் எழுதியிருக்கும். வாங்குமுன் அந்த இரண்டு எண்களையும் படியுங்கள். இதை டிரைவுக்கு ஒட்டி, சில மீட்டருக்குள் வைக்க வேண்டும். மோட்டார் பக்கம் கொண்டுபோய் வைத்தால் பயனில்லை.

மோட்டார் முனை டெர்மினேட்டர். சின்னப் பெட்டி, ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் கொண்டது. மோட்டார் டெர்மினலில் மாட்டினால் அலை முட்டித் திரும்புவதையே தடுக்கும். நல்ல வழிதான். ஆனால் வெள்ளம் புகும், உப்புக் காற்று அடிக்கும் ஷெட்டில் இதை மாட்டுவதற்கு எனக்கு மனம் வராது. அடுத்த மழையில் முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும்.

சைன் ஃபில்டர். வெட்டி வெட்டி வரும் வோல்டேஜைக் கிட்டத்தட்ட வழவழப்பான அலையாகவே மாற்றிவிடும். மோட்டாருக்கு டிரைவ் இருப்பதே தெரியாத மாதிரி. முன்னூறு மீட்டரைத் தாண்டிய தூரம், ஆழ்துளைக் கிணற்று சப்மெர்சிபிள், பழைய இன்சுலேஷன் மோட்டார், இவற்றுக்கு இதுதான். விலையும் எடையும் அதிகம், வோல்டேஜும் குறையும்.

மணலியில் நான் டிவி பை டிடி ஃபில்டரையே தேர்ந்தேன். காரணம் விலை மட்டுமில்லை. 160 மீட்டர் கேபிளிலேயே முழு லோடில் 13 வோல்ட் போல இறங்குகிறது. சைன் ஃபில்டர் போட்டால் அதற்கு மேல் இன்னும் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை போகலாம். மாலையில் சப்ளையே 400-க்கு வரும் இடத்தில் மோட்டாருக்கு 350, 365-தான் மிஞ்சும். கரன்ட் கூடிச் சூடாகும். ஒரு நோயை ஆற்ற இன்னொன்றைக் கொடுத்த கதையாகிவிடும். ஃபில்டரை மாடிப் பேனலுக்குக் கீழேயே வைத்தோம், கேரியரை 8-லிருந்து 4-க்கு இறக்கினோம், நிறுத்தும் நேரத்தை 5 நொடியிலிருந்து 20 நொடியாக்கினோம். மோட்டார் முனையில் திரும்ப அளந்தபோது உச்சம் 820 வோல்ட்டுக்கு வந்திருந்தது. மாஸ்டர் டபுள் கோட் கம்பியில் சுற்றித் தந்த அந்த வைண்டிங்தான் இன்னும் ஓடுகிறது.

## அறிகுறி 2: ஸ்டார்ட் கொடுத்ததுமே டிரைவ் ஓவர்கரன்ட் அல்லது எர்த் ஃபால்ட் காட்டி நிற்கிறது

திரையில் `OC`, `GF`, `Earth Fault` என்று டிரைவுக்கேற்ப ஏதோ ஒன்று வரும். டிரைவைக் கழற்றி சர்வீஸுக்குக் கொண்டுபோவதற்கு முன் பழுது எந்தப் பகுதியில் என்று பிரித்துப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி, காத்திருந்து, மோட்டார் முனையில் மூன்று ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடாமல் மூடிவிட்டு, கேபிள் மட்டும் மாட்டிய நிலையில் டிரைவை ஓட்டுங்கள். ஷெட்டில் அந்த நேரம் யாரும் இருக்கக்கூடாது, அந்த முனைகளில் முழு வோல்டேஜ் இருக்கும்.

### கேபிள் மட்டும் மாட்டியே ட்ரிப் ஆகிறது என்றால்

கேபிளையும் டிரைவ் முனையில் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் ட்ரிப் ஆனால் டிரைவில்தான் பழுது, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். முதலில் 500 வோல்ட் மெக்கர். கேபிள் டிரெஞ்சில் தண்ணீர் நின்ற இடங்களில் ஜாயின்ட்டில்தான் பழுது இருக்கும். வழியில் ஜாயின்ட் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து இரு பக்கமும் மெக்கர் போடுங்கள்.

மெக்கர் நன்றாகக் காட்டியும் ட்ரிப் ஆகிறதென்றால், கேபிளே கெபாசிட்டராக நடந்துகொள்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த நீளம் முழுக்கச் சார்ஜ் ஆகி இறங்க வேண்டும். டிரைவ் சின்னதாகவும் கேபிள் நீளமாகவும் இருந்தால் இந்தச் சார்ஜிங் கரன்ட்டே டிரைவின் எல்லையைத் தொட்டுவிடும். 2 ஹெச்.பி. டிரைவில் 150 மீட்டர் ஆர்மர்டு கேபிள் என்றால் மோட்டார் சும்மா இருந்தாலும் டிரைவுக்குச் சுமைதான். முதலில் கேரியரை 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். பல இடங்களில் அதிலேயே நின்றுவிடும். இல்லையென்றால் அவுட்புட் சோக், அதற்கப்புறம் டிவி பை டிடி ஃபில்டர்.

ஒரே டிரைவில் மூன்று நான்கு சின்ன மோட்டார்கள் ஓடுகிறதென்றால், டிரைவுக்கான சார்ஜிங் கணக்கில் எல்லாக் கேபிள்களின் நீளத்தையும் கூட்ட வேண்டும். 40 மீட்டர் வீதம் மூன்று என்றால் 120 மீட்டர்.

### மோட்டார் மாட்டினால்தான் ட்ரிப் ஆகிறது என்றால்

மோட்டார் டெர்மினல் பாக்ஸுக்குப் பக்கத்தில் பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டரில் ஓடிய பழைய மோட்டாரை டிரைவுக்கு மாற்றும்போது இதைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். டிரைவ் அவுட்புட்டில் அது இருக்கவே கூடாது. அடுத்தது, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் இருந்து, டிரைவ் ஓடும்போதே அது விட்டுச் சேர்கிறதா என்பது. இரண்டும் இல்லையென்றால் மோட்டாரை மட்டும் மெக்கர் போடுங்கள். 5 மெகா ஓமுக்குக் கீழே என்றால் காயவைக்க வேண்டும். மோட்டாருக்குப் பாடி ஷார்ட்டே என்றால் வைண்டிங் கடைதான்.

## அறிகுறி 3: பேரிங் அடிக்கடி போகிறது

கிரீஸ், அலைன்மென்ட், பெல்ட் இறுக்கம் இவை மூன்றையும் முதலில் பாருங்கள். பத்தில் பெரும்பாலும் அவைதான் காரணம். அதெல்லாம் சரியாக இருந்தும் போகிறதென்றால் கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். வெளி வளையத்தை வெட்டித் திறந்து, டீசலில் கழுவி, பந்து ஓடும் பாதையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பழைய துணி துவைக்கும் பலகையில் இருப்பதுபோல் குறுக்கே சம இடைவெளியில் கோடுகள் இருந்தால், பேரிங் வழியாக மின்சாரம் பாய்ந்திருக்கிறது. கிரீஸும் கருத்துப்போய், எரிந்த வாடையோடு இருக்கும்.

முதல் சரிபார்ப்பு எர்த்திங். மோட்டார் உடம்பிலிருந்து டிரைவின் எர்த் முனை வரை நேராக ஒரு எர்த் ஒயர் திரும்ப வருகிறதா? கேபிளின் ஆர்மர் இரு முனையிலும் கிளாண்டில் முழு வட்டமாகப் பிடித்திருக்கிறதா? எண்ணூர், காசிமேடு மாதிரி கடலோரத்தில் கிளாண்டும் எர்த் போல்ட்டும் துருப்பிடித்துப் பார்க்க இறுக்கமாகவும் உள்ளே தொடர்பே இல்லாமலும் இருக்கும். கழற்றி, எமரி போட்டு, திரும்ப இறுக்குங்கள்.

அது போதவில்லை என்றால் மூன்று பேஸ் ஒயர்களையும் சேர்த்து உள்ளே விடும் காமன் மோடு கோர் வளையங்களை டிரைவ் முனையில் மாட்டலாம். எர்த் ஒயரை அந்த வளையத்துக்குள் விடக்கூடாது. அடுத்தது ஷாஃப்ட்டுக்கு எர்த் தரும் பிரஷ் வளையம், அதற்கும் மேல் இன்சுலேட்டட் பேரிங்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். சாதாரண சைன் ஃபில்டர் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே உள்ள வோல்டேஜைத்தான் வழவழப்பாக்கும். பேரிங்கை அரிப்பது மூன்று பேஸும் சேர்ந்து எர்த்துக்கு எதிராக ஆடும் வோல்டேஜ். அதையும் அடக்கும் வகை என்று விவரத்தாளில் தெளிவாக இருந்தால்தான் ஃபில்டரைப் பேரிங்குக்கு மருந்தாக நம்பலாம். ஷாஃப்ட் வோல்டேஜை அளப்பதும் இன்சுலேட்டட் பேரிங் போடுவதும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. பேரிங்கை மட்டும் இன்சுலேட் செய்துவிட்டால், மின்சாரம் கப்ளிங் வழியே பம்ப் பேரிங்கைத் தேடிப் போகும்.

## அறிகுறி 4: மோட்டார் வழக்கத்தை விடச் சூடு, அல்லது கீச்சென்ற சத்தம்

கீச்சுச் சத்தம் கேரியர் ஃபிரீக்வென்சிதான், பழுதில்லை. சூட்டுக்கு முதல் சந்தேகம் குறைந்த வேகம். 20 ஹெர்ட்ஸில் நாள் முழுக்க முழு லோடில் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறி போதாது. குறைந்த வேகமே தேவை என்றால் தனி விசிறி வையுங்கள். 50 ஹெர்ட்ஸிலும் சூடு என்றால் லோடு கரன்ட்டைப் பெயர்ப் பலகையோடு ஒப்பிடுங்கள்.

லோடும் சரியாக இருந்து சூடு மட்டும் கூடுதல் என்றால் ஹார்மோனிக்ஸின் பங்கு இருக்கலாம். வெட்டி வரும் வோல்டேஜால் மோட்டார் கரன்ட்டில் சேரும் சிற்றலைகள் வேலை செய்யாமல் இரும்பையும் கம்பியையும் சூடாக்கும். கேரியரை 2-க்கு இறக்கி வைத்திருந்தால் 4-க்கு ஏற்றிப் பாருங்கள். வைண்டிங்குக்குக் குறைவான அடி, சூட்டுக்குக் குறைவான சிற்றலை, இரண்டும் எதிரெதிராக இழுக்கும். இரண்டையும் ஒன்றாகத் தீர்ப்பது சைன் ஃபில்டர்.

## அறிகுறி 5: ஃபில்டர் போட்ட பிறகு புதுத் தொல்லை

ஃபில்டர் கை வைக்க முடியாத சூடு. சோக்கும் ரெசிஸ்டரும் சூடாகத்தான் ஓடும், அது இயல்பு. கருகிய வாடை வந்தால்தான் கவலை. டிவி பை டிடி ஃபில்டரில் கேரியரைக் கூட்டினால் ரெசிஸ்டர் எரிக்க வேண்டிய துள்ளல்களும் கூடும். அதன் பலகையில் உள்ள உச்ச கேரியரையும் உச்ச கேபிள் நீளத்தையும் தாண்டாதீர்கள்.

சைன் ஃபில்டர் உறுமுகிறது, டிரைவ் ஓவர்கரன்ட் காட்டுகிறது. இங்கே விதி தலைகீழ். டிவி பை டிடி ஃபில்டருக்குக் கேரியர் அளவுக்கு மேல் போகக்கூடாது, சைன் ஃபில்டருக்கு அளவுக்குக் கீழே போகக்கூடாது. பலகையில் குறைந்தபட்சம் 4 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்து நீங்கள் 2-ல் ஓட்டினால் ஃபில்டர் அந்த ஃபிரீக்வென்சியோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். சூடானால் கேரியரைத் தானாகக் குறைக்கும் வசதி டிரைவில் இருந்தால் அதை அணைத்து வையுங்கள். கன்ட்ரோல் முறையை V/f-க்கோ, டிரைவில் சைன் ஃபில்டருக்கென்று தனித் தேர்வு இருந்தால் அதற்கோ மாற்றுங்கள். இதைப் பார்க்காமல் ஃபில்டர் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

மோட்டார் முழு வேகத்தில் இழுக்கத் திணறுகிறது. மோட்டார் முனைக்கு வருவதற்குள் கேபிளும் ஃபில்டரும் சேர்ந்து எவ்வளவு வோல்டேஜ் தின்றன என்று கணக்குப் போடுங்கள். கேபிளைப் பெரிய அளவாக மாற்றுவதா, டிவி பை டிடி ஃபில்டருக்கு இறங்குவதா என்பதை அந்தக் கணக்கு சொல்லும்.

## அறிகுறி 6: டிரைவ் ஓடும்போது லெவல் சென்சார், ஃப்ளோ மீட்டர் தப்பாகக் காட்டுகிறது

சென்சார் ஒயர் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் நூறு மீட்டர் கூடவே ஓடினால் இது வரும். ஃபில்டர் வாங்குவதற்கு முன் இரண்டையும் குறைந்தது ஒரு அடி இடைவெளியில் பிரித்துப் போடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்சார் கேபிளின் ஷீல்டைக் கன்ட்ரோல் பேனல் முனையில் எர்த் செய்யுங்கள்.

சென்சார் மட்டுமில்லாமல், டிரைவ் ஓடும்போதெல்லாம் அதே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள கெபாசிட்டர் பேங்க் சூடாவது, பியூஸ் போவது போன்றவையும் நடந்தால் அது வேறு கதை. டிரைவ் சப்ளை பக்கம் இழுக்கும் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக் கரன்ட் அது. அவுட்புட்டில் எந்த ஃபில்டர் போட்டாலும் அது குறையாது. டிரைவுக்கு முன்னால் லைன் சோக் போட வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால், ஹார்மோனிக் அளக்கும் அனலைசரோடு வரும் ஆளைக் கூப்பிட்டு, பேங்க்கை எதுவும் மாற்றுவதற்கு முன் ஒரு முழு வேலை நாள் பதிவு எடுக்கச் சொல்லுங்கள்.